மின்மாற்றியின் சுழி வரிசை மின்மறுப்பும் அதன் அளவீடும்

மும்முனை மின்மாற்றியின் மூன்று சுருள்களிலும் ஒரே அளவில், ஒரே நேரத்தில், ஒரே திசையில் செல்லும் மின்னோட்டத்திற்கு அந்த மின்மாற்றி காட்டும் எதிர்ப்பு, சுழி வரிசை மின்மறுப்பு எனப்படும். சமனற்ற மும்முனை மின்னோட்டங்களை மூன்று சமச்சீர்க் கூறுகளாகப் பிரிக்கும் முறையை 1918இல் சார்லஸ் ஃபோர்ட்டெஸ்கியூ வெளியிட்டார். அக்கூறுகளில் ஒன்றே சுழி வரிசை. ஒரு கம்பி மட்டும் அறுந்து நிலத்தையோ நியூட்ரலையோ தொடும்போது எவ்வளவு மின்னோட்டம் பாயும், உருகி எரியுமா என்பதை இந்த மதிப்பே பெரிதும் முடிவு செய்கிறது.

அளக்கும் முறை

செஞ்சி, அனந்தபுரம் போன்ற ஊர்களின் தெருவோரங்களில் நிற்கும் பகிர்மான மின்மாற்றியை எடுத்துக்கொள்ளலாம். அதன் உயரழுத்தப் பக்கம் டெல்டா. 433 வோல்ட் தரும் தாழழுத்தப் பக்கம் நியூட்ரல் வெளிக்கொணரப்பட்ட ஸ்டார். இந்த இணைப்பு Dyn11 எனக் குறிக்கப்படும். சோதனையின்போது தாழழுத்தப் பக்கத்தின் மூன்று முனைகளையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றாக இணைத்து, அந்த இணைப்புக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒருமுனை 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் தரப்படுகிறது. உயரழுத்த முனைகளில் எதையும் இணைப்பதில்லை. நியூட்ரலில் பாயும் மொத்த மின்னோட்டம் மூன்று சுருள்களுக்கும் சமமாகப் பிரிவதால், ஒரு சுருளுக்கான மதிப்பு:

Z0 = 3V / I

இந்த 3ஐ மறந்துவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை.

100 கேவிஏ, 4.5 விழுக்காடு மின்மறுப்புள்ள மின்மாற்றியில் அடிப்படை மின்மறுப்பு 433² / 1,00,000 = 1.875 ஓம். அதன் 4.5 விழுக்காடு 0.084 ஓம், இது நேர் வரிசை மதிப்பு. சோதனையில் நியூட்ரலில் 100 ஆம்பியர் பாய 2.53 வோல்ட் தேவைப்பட்டது எனக் கொள்வோம். அப்போது Z0 = 3 × 2.53 / 100 = 0.076 ஓம், அதாவது நேர் வரிசை மதிப்பில் சுமார் 90 விழுக்காடு. மூன்று தூண் உள்ளகத்தில் டெல்டா இருக்கும்போது எதிர்பார்க்கத்தக்க விடை இதுவே.

அளக்கும் மின்னழுத்தம் இவ்வளவு சிறியது என்பதால் கவனம் தேவை. இணைப்பில் வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தாலும் 100 ஆம்பியரில் அரை வோல்ட் கூடிவிடும். விடை ஐந்தில் ஒரு பங்கு பிழையாகும். ஆகவே வோல்ட்மானியின் கம்பிகளை மின்னோட்டக் கம்பிகளோடு சேர்க்காமல், மின்மாற்றியின் முனைகளிலேயே தனியாகப் பொருத்த வேண்டும்.

டெல்டா என்ன செய்கிறது

ஸ்டார் சுருளின் சுழி வரிசை மின்னோட்டம் மூன்று தூண்களிலும் ஒரே திசையில் காந்தப்பாயத்தை உண்டாக்க முனைகிறது. டெல்டாவின் மூன்று சுருள்களிலும் ஒரே திசையில் மின்னழுத்தம் தூண்டப்பட, மூடிய வளையத்துக்குள் மின்னோட்டம் சுழன்று அந்தப் பாயத்தை எதிர்க்கிறது. வெளியே எதுவும் இணைக்காமலேயே டெல்டா குறுக்குச்சுற்றாக இயங்குவது இதனால்தான். டெல்டாவின் ஒரு மூலை திறந்துவிட்டால் அளவீடு பல மடங்கு தாவும். நிலைப்படுத்தும் டெல்டாவின் ஒரு மூலையை வெளியே கொணர்ந்து இணைக்கும் மின்மாற்றிகளில், அந்த இணைப்பு விடுபட்டிருப்பதை இச்சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.

டெல்டா இல்லாதபோது

இருபக்கமும் ஸ்டார், உயரழுத்த நியூட்ரல் எங்கும் இணைக்கப்படவில்லை என்றால், எதிர்க்கும் மின்னோட்டத்துக்கு வழியில்லை. அப்போது உள்ளகத்தின் வடிவமே விடையைத் தீர்மானிக்கிறது.

மூன்று தூண் உள்ளகத்தில் மூன்று பாயங்களும் ஒன்றாக மேலெழும்போது, திரும்பிவர இரும்பு வழி கிடையாது. அவை மேல் நுகத்திலிருந்து எண்ணெய் வழியாகவும் தொட்டிச் சுவர் வழியாகவும் கீழே வரவேண்டும். தொட்டிச் சுவரில் தூண்டப்படும் மின்னோட்டம் ஓரளவு டெல்டாவைப் போலச் செயல்படும். விடை பெரும்பாலும் 30 முதல் 60 விழுக்காட்டுக்குள் அமையும். தொட்டியின் எஃகு நேர்விகிதத்தில் நடந்துகொள்ளாததால் மின்னோட்டத்தை மாற்றினால் V/I மாறும். எந்த மின்னோட்டத்தில் அளந்தது என்பதைக் குறிக்காத விடைக்குப் பயன் குறைவு. தொட்டியும் இறுக்கச் சட்டங்களும் சூடேறுவதால் சோதனையை நீண்டநேரம் நடத்தக் கூடாது. தொட்டிக்கு வெளியே எடுத்து அளந்தால் விடை இன்னும் கூடும்.

ஐந்து தூண் உள்ளகத்திலும், தனித்தனி ஒருமுனை மின்மாற்றிகள் மூன்றை இணைத்த தொகுதியிலும் பாயம் திரும்ப இரும்பு வழி உண்டு. எனவே மின்மறுப்பு காந்தமாக்கும் மதிப்புக்கே உயர்ந்துவிடும். காந்தமாக்கும் மின்னோட்டம் 1 விழுக்காடு எனில், மேற்கண்ட அளவுக்கு ஏறத்தாழ 187 ஓம். இங்கு 2.5 வோல்ட் எதையும் காட்டாது. இயல்பான 250 வோல்ட் கட்ட மின்னழுத்தம் முழுவதும் தந்தாலும் நியூட்ரலில் 4 ஆம்பியரே பாயும். அதற்கு மேல் மின்னழுத்தம் தரக்கூடாது.

தெருவில் இதன் விளைவு

மின்மாற்றியின் முனையிலேயே ஒரு கட்டம் நியூட்ரலைத் தொட்டால், மின்தடைகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட, பாயும் மின்னோட்டம் 3 × 250 / (2 × 0.084 + Z0). மேற்கண்ட Dyn11 மின்மாற்றியில் இது சுமார் 3,060 ஆம்பியர். உருகி உடனே எரியும். டெல்டா இல்லாத மூன்று தூண் உள்ளகத்தில், 50 விழுக்காடு எனக் கொண்டால், சுமார் 680 ஆம்பியர். ஐந்து தூண் உள்ளகத்தில் கணக்குப்படி வெறும் 4 ஆம்பியர். உள்ளகம் தெவிட்டுவதால் உண்மையில் இதைவிடக் கூடும். ஆனால் அதற்குள் நியூட்ரல் இடம்பெயர்ந்து, மற்ற இரு கட்டங்களிலுள்ள வீடுகளின் மின்னழுத்தம் 250 வோல்ட்டிலிருந்து 433 வோல்ட்டை நோக்கி ஏறியிருக்கும். விளக்குகளும் மின்விசிறிகளும் கருகும், உருகியோ அப்படியே இருக்கும். வீடுகளுக்கு நான்கு கம்பி வழங்கலில் டெல்டா–ஸ்டார் இணைப்பே விரும்பப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.