ஆடையும் இழையும் – 7: கம்பளியின் குத்தலும் சுருக்கமும்

கம்பளி உடலில் பட்டதும் உண்டாகும் அரிப்பை ஒவ்வாமை என்று பலர் கருதினாலும், பெரும்பாலும் அது இழையின் பருமனால் விளையும் குத்தலே ஆகும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானில் இழைகள் அளக்கப்படுகின்றன. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் நுனி, தோலில் அழுந்தும்போது வளைந்துகொடுக்காமல் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது. நூறு இழைகளில் ஐந்து அவ்வாறு இருந்தாலே உறுத்தல் தொடங்கிவிடுமாதலால், சராசரிப் பருமனைவிட முரட்டு இழைகளின் விகிதமே இங்கு தீர்மானிக்கிறது. லடாக்கின் சாங்தாங் மேட்டுநில ஆடுகளின் அடிமயிரான பஷ்மினா சுமார் 12 முதல் 16 மைக்ரான் வரை மட்டுமே பருமன் உடையது என்றாலும், அதே ஆட்டின் வெளிமயிரைச் சரியாகப் பிரித்தெடுக்காமல் நெய்த சால்வை கழுத்தில் குத்தவே செய்யும்.

இதனால் சீட்டில் அச்சிடப்படும் கலப்பு விகிதம் பாதிச் செய்தியையே தருகிறது. 70 விழுக்காடு கம்பளியும் 30 விழுக்காடு அக்ரிலிக்கும் கலந்த ஸ்வெட்டரில், அந்தக் கம்பளி மெல்லியதா முரடா என்பதைச் சீட்டு சொல்வதில்லை. முன்கையின் உட்புறத்திலோ கழுத்திலோ சிறிது நேரம் வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

சுருக்கத்திற்குக் காரணம் வேறு. கம்பளி இழையின் மேற்பரப்பில் நுனியை நோக்கிப் படிந்த நுண்செதில்கள் இருப்பதால், நனைந்த இழைகளைக் கசக்கும்போது அவை ஒரு திசையில் மட்டுமே எளிதாக நகர்ந்து, திரும்ப முடியாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. சூடும் சோப்பும் இந்த நகர்வை விரைவுபடுத்துகின்றன. அக்ரிலிக்குக்குச் செதில் இல்லை எனினும், 70 விழுக்காடு கம்பளி இருக்கும் ஆடை இந்த ஆபத்திலிருந்து தப்பிவிடாது.

ஆகவே, துவைக்கும் முன் ஸ்வெட்டரின் மார்பகலத்தையும் நீளத்தையும் அளந்து, எடுத்துக்காட்டாக 50 செ.மீ., 64 செ.மீ. என்று குறித்துக்கொள்வது நல்லது. சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில், கம்பளிக்கென விற்கப்படும் திரவ சோப்பைக் கரைத்து, ஆடையைப் பத்து நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் அமுக்கி மட்டும் அழுக்கை வெளியேற்ற வேண்டும். சாதாரண சலவைத்தூளின் காரமும், புரதக் கறையைச் சிதைப்பதற்கென அதில் சேர்க்கப்படும் நொதிகளும், புரதமேயான கம்பளியையும் அரிக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே முறை. அதே வெப்பமுள்ள நீரில் அலசியபின் முறுக்கிப் பிழியாமல், கனத்த ஈர ஆடையை இரு கைகளாலும் கீழிருந்து தாங்கி எடுத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாகப் பரப்பி, குறித்த அளவுக்கு மெல்ல இழுத்துவிட வேண்டும்; கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே அது நீண்டுவிடும்.

பின்னலின் இறுக்கம் தளர்ந்ததால் மட்டும் குறுகிய ஆடை, இவ்வாறு இழுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கண்ணிகள் தெளிவாகத் தெரியாமல் ஒன்றாகக் கலந்து, துணி தடித்து விறைத்திருந்தால், இழைகள் பின்னிக்கொண்டுவிட்டன என்று அறியலாம். அதை மீட்க வழியில்லை.