இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்

சேர்ந்து வாழும் இரு பெண்கள் ‘தோழிகள்’ என்று சொல்லிச் சென்னையில் வீடு பிடிக்கிறார்கள் என்று கொள்வோம். சம்பளச் சான்று உள்ள ஒருவரின் பெயரில் மட்டும் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. சிக்கலின் தொடக்கம் இதுவே.

அண்டை வீட்டார் முணுமுணுத்ததும் உரிமையாளர், “இன்னொருத்தி யார்? உள்வாடகைக்கு விட்டிருக்கிறாயா?” என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, எழுத்துவழி ஒப்புதலின்றி வீட்டைப் பிறர் வசம் விடுவது வெளியேற்றக் காரணமாகும். ஒப்பந்ததாரர் இறந்தால் நிலைமை இன்னும் கடுமை. குடியிருப்புரிமை வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர் என்ற வரிசையில் செல்கிறது. தன்பாலின இணையரின் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்க மறுத்ததால், உடன் வாழ்ந்தவர் அந்த வரிசையில் இல்லை.

எனவே, இருவரும் கூட்டு வாடகைதாரர்களாகக் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வதே காப்பு என்கிறோம். உறவை அதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் வாடகை தராவிட்டால் மற்றவரே முழுவதையும் செலுத்த நேரும்.

அதன்பின் அண்டை வீட்டாரின் புகாரைக் காட்டி மட்டும் பூட்டுப்போட முடியாது. உரிமையாளர் சட்டம் சொல்லும் காரணத்தோடு வாடகை நீதிமன்றத்தை நாட வேண்டும். வயதுவந்தோர் இசைந்து வாழ்வது குற்றமல்ல என்பது 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

ஆனால் வீடு தர மறுப்பதை இச்சட்டம் தடுக்கவில்லை. சாதி கேட்டுக் கதவடைப்பவரிடம் நாம் காணும் அதே இடைவெளி இது. ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகே சட்டம் துணைக்கு வருகிறது.