முதல் மின்னஞ்சலில் பிழை பார்ப்பது

அறிமுகமில்லாத நிறுவனத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் எழுத்துப்பிழையைவிடக் கெடுதலானது, பழைய மடலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு நிறுவனத்தின் பெயர். ஆகவே பெறுபவர் பெயர், தலைப்பு வரி, இணைப்புக் கோப்பின் பெயர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து எண்கள். திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு அட்டைப்பெட்டி விற்க எழுதுபவர் '5 பிளை' என்பதை '3 பிளை' என அடித்துவிட்டால், கணினியின் எழுத்துத் திருத்தி அதைக் கண்டுகொள்ளாது. விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 600 x 400 x 300 என்பதன் பக்கத்தில் மி.மீ. என்றும், அது உள்ளளவா வெளியளவா என்றும் இல்லாவிட்டால், வாங்குபவரால் விலையை ஒப்பிடவே முடியாது. 'தரமான பெட்டிகள், நியாயமான விலை' என்ற வரியை நீக்கிவிட்டு, 'குறைந்தபட்ச ஆர்டர் 500 பெட்டி, 7 நாளில் டெலிவரி' என்று எழுதலாம்.

இத்தனையும் முடியும்வரை பெறுநர் முகவரிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பாதி திருத்திய மடல் கைதவறிப் போய்விடாது.