ஐம்பத்திரண்டு விரிசல்கள்

மிக்ஸி மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளையைத் தெரிந்திருக்கும். அதுதான் கம்யூட்டேட்டர். செம்புப் பட்டைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக்கில் சில சமயம் மயிரிழை விரிசல் விழும். அதைக் கேமரா வைத்துப் பிடிக்க, ஸ்லோவேனியாவின் லூப்லியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோலெக்டர் நிறுவனம் தந்த 50 கம்யூட்டேட்டர்களின் படங்களைப் பயன்படுத்தினார்கள். 2019இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் மொத்தம் 399 படங்கள். விரிசல் தெரிந்தவை 52 மட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ‘நல்லது’ என்று சொல்லும் நிரல்கூட 347 படங்களில் சரியாகிவிடும். அதாவது 87 சதவீத மதிப்பெண், பிடித்த விரிசல் பூஜ்யம்! அதனால் மொத்த மதிப்பெண்ணைக் கேட்பதில் பயனில்லை. 52இல் எத்தனை பிடிபட்டன என்று கேட்க வேண்டும்.

ஆய்வாளர்கள் பயிற்சியின்போது விரிசல் படம் ஒன்று, நல்ல படம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். விரிசல் படங்கள் அடிக்கடி திரும்ப வரும். நல்லவை அவற்றின் எண்ணிக்கைக்குச் சமமாகவே வரும். இன்னொரு வழி, விரிசலைத் தவறவிட்டால் ஏழு மடங்கு தண்டனை என்று கணக்கில் வைப்பது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் நிரல் நிழலைப் பார்த்தும் அலறத் தொடங்கும்.

ஆனால் அதே படத்தையே திரும்பத் திரும்பக் காட்டினால் நிரல் அதை மனப்பாடம் செய்துவிடும். அதற்காகத்தான் படத்தை இடவலமாகத் திருப்புவது, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக் குறைப்பது எல்லாம். எதைச் செய்யலாம் என்பதைப் பொருள்தான் சொல்லும். திருப்பினாலும் விரிசல் விரிசல்தான். படத்தை மங்கலாக்கினாலோ மயிரிழையே காணாமல் போய்விடும். ஓரத்தை வெட்டும்போது விரிசலும் சேர்ந்து போய்விட்டால், நல்ல பிளாஸ்டிக்கின் படத்துக்கு ‘விரிசல்’ என்ற பெயர் ஒட்டியிருக்கும். எனவே மாற்றிய படங்களில் ஒரு ஐம்பதையாவது ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

பலர் வழுக்குவது இன்னொரு இடத்தில். படங்களைப் பெருக்கிய பிறகு பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரித்தால், ஒரே விரிசலின் நேர்ப்படம் இங்கும் திருப்பிய படம் அங்கும் போய்விடும். வினாத்தாள் கசிந்த தேர்வு அது. லூப்லியானாவில் ஒரே கம்யூட்டேட்டரின் படங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி பிரித்தார்கள். பெருக்குவதைப் பயிற்சிப் பக்கத்தில் மட்டும் செய்தால் போதும்.

பாதிக்குப் பாதி விரிசல் பார்த்துப் பழகிய நிரலைத் தொழிற்சாலையில் வைத்தால், எல்லா இடத்திலும் விரிசலை எதிர்பார்க்கும். ஆயிரம் பொருளில் பத்து மட்டும் பழுது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பதைப் பிடிக்கும் நிரல், நல்லவற்றில் நூற்றுக்கு இரண்டைத் தவறாகத் தள்ளினால், ஒதுக்கப்படுபவை சுமார் 29; அவற்றில் இருபது நல்லவை. இந்தத் தவறைக் குறைக்க, ‘பழுது’ என்று அறிவிக்கும் எல்லைக்கோட்டை, திருப்பாத, பெருக்காத, ஆலையின் உண்மை விகிதத்திலுள்ள படங்களை வைத்து மறுபடி குறிக்க வேண்டும். அப்போதும் ஒதுக்கிய தட்டைத் திரும்பப் பார்க்க ஒரு ஆள் தேவை.