ஐந்தின் ஐந்து

பேத்தோவனின் முதல் சிம்ஃபொனி 1800 ஏப்ரல் 2 அன்று வியன்னாவில் அரங்கேறியது. ஸ்கேல் சி மேஜர். ஆனால் முதலில் ஒலிக்கும் கார்டில் சி, இ, ஜி ஆகியவற்றோடு பி ஃப்ளாட்டும் இருக்கிறது. சி மேஜரில் பி ஃப்ளாட் கிடையாது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

ஸ்கேலின் ஏழு சுரங்களில் எழும் கார்டுகளுக்கு ரோமன் எண் இடுவது வழக்கம். மேஜர் கார்டுக்குப் பெரிய எழுத்து, மைனருக்குச் சிறிய எழுத்து. இவற்றில் V தான் டாமினன்ட். சி மேஜரில் அது ஜி, பி, டி. எஃப்பும் சேர்ந்தால் V7. அதிலுள்ள பி அரைச்சுரம் மேலேறி சி-யை எட்டத் துடிக்கும். எஃப் அரைச்சுரம் இறங்கி இ-யில் அமரும். காது வீட்டுக்கு இழுக்கப்படுவது இந்த இரண்டு நகர்வுகளால்தான்.

இதே இழுப்பை வேறொரு கார்டை நோக்கியும் உண்டாக்கலாம். ஜி கார்டைக் கணநேரம் வீடாகப் பாவித்தால் அதன் ஐந்தாம் கார்டு டி. சி மேஜரில் டி, எஃப், ஏ என்பது மைனர், அதாவது ii. அந்த எஃப்பை ஷார்ப் ஆக்கி, மேலே சி-யையும் சேர்த்தால் எஃப் ஷார்ப் ஜி-யை நோக்கி ஏறும். இதுவே செகண்டரி டாமினன்ட். இதை V7/V என்று எழுதுகிறோம். சாய்கோட்டைத் தமிழில் வலமிருந்து படித்தால் பொருள் தானாக விளங்கும்: ஐந்தின் ஐந்து. இதற்கு II7 என்று எழுதுவோரும் உண்டு. அது டி மேல் கட்டிய கார்டு என்பதைச் சொல்லும். எங்கே போகத் துடிக்கிறது என்பதைச் சொல்லாது.

இப்போது சிம்ஃபொனியின் முதல் நான்கு பாரைப் பார்ப்போம். முதல் பாரில் அந்த பி ஃப்ளாட் கார்டு எஃப் மேஜருக்குப் போகிறது. எஃப் என்பது IV. அதன் ஐந்து சி. எனவே குறியீடு இது:

```
V7/IV  IV | V7  vi | V7/V | V
```

இரண்டாம் பாரில்தான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். ஜி செவன்த் ஏ மைனருக்குப் போவதைக் கண்டதும் V7/vi என்று எழுதிவிடுவார்கள். ஏ-யின் ஐந்து இ. அந்தக் கார்டில் ஜி ஷார்ப் இருந்தாக வேண்டும். இங்கே புறச்சுரம் எதுவுமில்லை. இது சொந்த V7 தான், வீட்டு வாசல்வரை வந்து பக்கத்து வீட்டில் நுழைகிறது. மூன்றாம் பாரில் எஃப் ஷார்ப் வருகிறது. நான்காவதில் அது ஜி-யில் முடிகிறது. ஜி அங்கேயே குடியேறி, பாட்டும் அதையே வீடாக்கிக்கொண்டிருந்தால் அது ஸ்கேல் மாற்றம். V7/V என்ற குறியே தேவைப்படாது.

அரங்கில் முதன்முறை கேட்டவருக்கு எஃப் தான் வீடாகத் தோன்றியிருக்க வேண்டும். 13ஆம் பாரில் வேகப்பகுதி தொடங்கும்போதுதான் சி அசையாமல் நிற்கிறது. அதை அறிந்தபிறகே முதல் கார்டுக்கு V7/IV என்று நம்மால் எழுத முடிகிறது.