டிரில்லிங் மெஷினுக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டு

சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் லிஃப்ட் அருகே இப்படி ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்: ‘இரண்டாவது மாடியில் வேலை நடக்கிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எந்த வீடு, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஒன்றுமே இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்குப் படுக்கப் போகிறவருக்கு இந்த வருத்தத்தால் ஒரு பயனும் கிடையாது. எப்போது தொடங்கும், அதைவிட முக்கியமாக எப்போது நிற்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த நேரத்தை எழுத வேண்டுமானால் முதலில் துளைகளை எண்ண வேண்டும். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான்.

இரண்டாவது மாடியில், கைக்குழந்தை தவழத் தொடங்கிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சமையலறையில் இரண்டு ஷெல்ஃப், பால்கனியில் ஒரு பாதுகாப்பு கிரில். ஷெல்ஃப் ஒன்றுக்கு மூன்று பிராக்கெட், பிராக்கெட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ என்றால் பன்னிரண்டு துளை. கிரில்லைச் சுவரோடு பிடிக்கப் பத்து கிளாம்ப், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆங்கர் போல்ட், அது இருபது. ஆக மொத்தம் 32. செங்கல் சுவரில் ஒரு துளைக்கு அரை நிமிடம் போதும். கான்கிரீட் பீமில் ஒன்றரை நிமிடம் வரை ஆகலாம். உள்ளே இருக்கும் கம்பியில் பிட் இடித்தால் சத்தம் கிறீச்சென்று மாறும். உடனே நிறுத்திவிட்டுத் துளையைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மெஷின் ஓடும் நேரம் முக்கால் மணியைத் தாண்டாது.

பிறகு ஏன் ‘நாள் முழுக்க டிரில் போட்டார்கள்’ என்று கீழ் வீட்டார் அலுத்துக்கொள்கிறார்கள்? அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஒரு துளை போடுவது, பிளக் அடிப்பது, பிராக்கெட்டை மாட்டி மட்டம் பார்ப்பது, டீ குடிப்பது, மறுபடி ஒரு துளை. இப்படிச் செய்தால் முக்கால் மணிச் சத்தம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை இழுபடும். அடுத்த அதிர்ச்சி எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் பெரிய தொல்லை. எல்லா இடத்திலும் முதலில் பென்சிலால் குறித்துக்கொண்டு, துளைகளை ஒரே மூச்சில் போட்டுவிட்டு, அதன்பின் பொருத்தும் வேலைக்குப் போங்கள் என்று வேலையாளிடம் முன்கூட்டியே சொன்னால், சத்தத்தைப் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் அடக்கிவிடலாம். கிரில்லை வெட்டுவதும் வெல்டிங் செய்வதும் பட்டறையிலேயே முடிந்து, வீட்டில் போல்ட் மாட்டும் வேலை மட்டும் இருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் பேசி முடித்தபிறகுதான் சீட்டு எழுத உட்கார வேண்டும். அது இப்படி இருக்கலாம்:

‘அண்டை வீட்டாருக்கு வணக்கம். வரும் வியாழக்கிழமை, 12ஆம் தேதி, எங்கள் வீட்டில் ஷெல்ஃபும் பால்கனி கிரில்லும் பொருத்துகிறோம். காலை 11 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை டிரில்லிங் சத்தம் விட்டுவிட்டு இருக்கும். ஒரு மணிக்குமேல் டிரில் போட மாட்டோம். மீதி இருந்தால் வெள்ளிக்கிழமை அதே நேரத்தில் முடிப்போம். வீட்டில் கைக்குழந்தை, உடல்நலமில்லாதவர், தேர்வுக்குப் படிப்பவர், பகலில் தூங்குபவர் யாராவது இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்கிறோம். இரண்டாவது மாடி, வீட்டு எண், பெயர், செல்பேசி எண்.’

இதில் உயிரான வரி, ‘ஒரு மணிக்குமேல் டிரில் போட மாட்டோம்’ என்பது. அதுதான் சோதனைக்கு உள்ளாகும் வரியும். பத்தரைக்கு வருவதாகச் சொன்ன கிரில்காரர் மதியம் மூன்று மணிக்கு, ‘வேற சைட்டுல மாட்டிக்கிட்டேன் சார்’ என்று வந்து நிற்பது ஊரறிந்த விஷயம். அப்போது மெஷினை எடுக்கவிடாமல், ‘இன்னிக்கு அளவு மட்டும் பார்த்து மார்க் பண்ணிட்டுப் போங்க, துளை நாளைக்கு’ என்று சொல்லத் துணிய வேண்டும். அதற்குத்தான் சீட்டிலேயே வெள்ளிக்கிழமையும் இடம்பெற்றிருக்கிறது.

சத்தம் யாருக்குக் கேட்கும் என்பதில் பலருக்குத் தப்புக்கணக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டில் மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். செங்கல் சுவரில் போடும் துளைக்கு அது ஓரளவு சரி. ஆனால் தூண், பீம், தளம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கான்கிரீட் சட்டத்தில் ஹேமர் டிரில் இறங்கும்போது அதிர்வு அந்தச் சட்டத்தின் வழியே பயணம் செய்கிறது. இரண்டாவது மாடியில் துளை போட, ஐந்தாவது மாடிக்காரர் தன் தலைக்கு மேலே வேலை நடப்பதாக நினைத்து மொட்டை மாடிக்கு ஏறிப் பார்ப்பதும் நடக்கும். எனவே லிஃப்ட் அருகிலும் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவிலும் எல்லோருக்குமாக ஒரு அறிவிப்பு. மேல், கீழ், இரு பக்கம் என நான்கு வீடுகளுக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் முன்பே நேரில் ஒரு சீட்டு.

நேரில் போவதற்கு வேறு காரணமும் உண்டு. அந்த நான்கு வீட்டாரிடமும் சொல்ல வேண்டியது ஒன்றல்ல. சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டில், அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடி, கடிகாரம், சாமி படம் ஆகியவற்றை ஒருநாள் இறக்கி வைக்கச் சொல்ல வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் மெஷின் அதிரும்போது ஆணி தளரலாம். பழைய பூச்சாக இருந்தால் அந்தப் பக்கம் சில்லு பெயரவும் கூடும். கீழ் வீட்டாரிடம் பால்கனியில் காயும் துணியை அந்த இரண்டு மணி நேரம் உள்ளே எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பீமிலிருந்து உதிரும் சிமென்ட் தூள் நேராக அங்கேதான் இறங்கும். தவிர்க்க முடியாமல் பால்கனியிலேயே வெல்டிங் செய்ய நேர்ந்தால் இது இன்னும் அவசரம். தீப்பொறி ஒன்று பட்டாலே நைலான் புடவையில் ஓட்டை விழும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையை இரவு என்கின்றன. அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதிகளில் சத்தமெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது. அதற்காகக் காலை ஆறேகாலுக்கு டிரில்லை எடுத்தால் யார் விடுவார்கள்? பல குடியிருப்புச் சங்கங்கள் இதைவிடக் கறாராக நேரம் வகுத்திருக்கின்றன. மதியத் தூக்க நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தடை போடும் சங்கங்களும் உண்டு. சிங்கப்பூரில் அரசு வீடமைப்புக் கழக வீடுகளில் அதிகச் சத்தம் தரும் புதுப்பிப்பு வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. உங்கள் சங்கத்தின் நேரத்தைச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி சீட்டில் எழுதுங்கள். கிரில் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றும் என்பதால் அதற்குச் சங்கத்தின் ஒப்புதலைத் தனியாக வாங்க வேண்டும். அண்டை வீட்டாருக்குக் கொடுத்த சீட்டு அந்த அனுமதி ஆகாது.

வேலை முடிந்ததும் குழுவில் ‘டிரில்லிங் முடிந்தது, நன்றி’ என்று ஒரு வரி போட்டுவிட்டு, லிஃப்ட் அருகே ஒட்டிய தாளையும் கையோடு எடுத்துவிடுங்கள். போன மாதத் தேதியோடு தாள்கள் தொங்கிக்கொண்டிருக்கும் பலகையில் அடுத்தவர் ஒட்டும் அறிவிப்பை யாரும் நின்று படிப்பதில்லை.