412 டிக்கெட், ஒரே சொடுக்கு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. பாதி நாற்காலிகள் காலி. ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். டீம் லீட் போகிறபோக்கில் பயிற்சிக்கு வந்திருக்கும் பையனிடம் ஒரு வேலை சொல்கிறார். "தம்பி, ஆறு மாசமா யாரும் தொடாத டிக்கெட்டெல்லாம் போர்டுல கெடக்கு. எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிட்டுக் கிளம்பு."

சின்ன வேலைதான். பையன் செய்து முடித்தான். 38 டிக்கெட் மூடியிருக்க வேண்டும், மூடியது 412.

பையனும் கம்பெனியும் கற்பனை. ஆனால் அவன் விழுந்த குழி நிஜம். மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பலர் அதன் ஓரம்வரை போய்த் திரும்பியிருப்பார்கள்.

டிக்கெட் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். மென்பொருள் கம்பெனியில் வேலைகள் வாய்வார்த்தையாக நடப்பதில்லை. "பணம் கட்டும் பக்கத்தில் பட்டன் வேலை செய்யவில்லை" என்று யாராவது கண்டுபிடித்தால், அது ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். அதற்கு ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு நிலை உண்டு. இன்னும் தொடங்காதது `To Do`, கை வைத்தாயிற்று என்றால் `In Progress`, இன்னொருவர் சரிபார்த்துக்கொண்டிருந்தால் `In Review`, முடிந்தால் `Done`. இந்தக் கணக்கு வழக்குக்கு உலகெங்கும் பல கம்பெனிகள் வைத்திருப்பது ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-இல் கொண்டுவந்த ஜிரா என்ற மென்பொருள். காட்ஸிலாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவின் வால்தான் இந்தப் பெயர். அன்று மாலை அந்த மிருகம் விழித்துக்கொண்டது.

ஜிராவில் டிக்கெட்டுகளைத் தேட அதற்கென்றே ஒரு வினவல் மொழி இருக்கிறது. டீம் லீட் சொன்னதைப் பையன் இப்படி எழுதினான்:

```
project = SHOP AND updated <= -180d
AND status = "To Do" OR status = "In Progress"
OR status = "In Review" ORDER BY updated ASC
```

படித்தால் சரியாகத்தான் தோன்றும். SHOP என்ற புராஜெக்டில், 180 நாளாக அசையாமல், இந்த மூன்று நிலைகளில் ஏதோ ஒன்றில் கிடப்பவை. அவன் மனதில் இருந்தது அதுதான். ஜிரா படித்தது வேறு. பள்ளிக் கணக்கில் 2 + 3 × 4 என்றால் பெருக்கலை முதலில் செய்வோம் அல்லவா? அதேபோல ஜிராவும் அடைப்புக்குறி இல்லாத இடத்தில் AND-ஐ முதலில் சேர்க்கும், OR-ஐப் பிறகுதான் பார்க்கும். ஆகவே புராஜெக்ட் பெயரும் ஆறு மாதக் கெடுவும் `To Do`-வோடு மட்டும் ஒட்டிக்கொண்டன. மற்ற இரண்டு நிலைகளுக்கு எந்த வேலியும் இல்லை. அவன் கணக்குக்குப் பார்க்க அனுமதி உள்ள எல்லாப் புராஜெக்டுகளிலும், அன்று மதியம் தொடங்கிய வேலை உட்பட, நடந்துகொண்டிருந்த அத்தனையும் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்தன.

கண்ணில் படவில்லையா? படாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. பழையது மேலே வரட்டும் என்று அவனே கடைசியில் வரிசை கேட்டிருந்தான். முதல் பக்கத்தில் தெரிந்த ஐம்பதும் தூசி படிந்தவை. சில எண்களுக்கு முன்னால் SHOP என்பதற்குப் பதில் வேறு புராஜெக்டின் பெயர் இருந்தது. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது தேதியை. சரியான பட்டியல் என்ற நம்பிக்கையைக் கொடுத்ததே அந்த முதல் பக்கம்தான்.

அடுத்து `Bulk Change`. மொத்தமாக மாற்றும் வசதி. ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் மாற்றலாம். ஜிரா ஒன்றும் கேட்காமல் செய்துவிடவில்லை. எந்த டிக்கெட்டுகள், என்ன செய்ய வேண்டும், எந்த நிலைக்கு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு திரையாகக் கேட்டு, கடைசியில் உறுதிசெய்யவும் சொன்னது. அந்தத் திரைகளில் 412 என்ற எண் இருந்தது. 38 வர வேண்டும் என்பது பையனுக்குத் தெரியாது. யாரும் அவனிடம் ஒரு தோராயக் கணக்குகூடச் சொல்லவில்லை. எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாதவருக்கு அந்த எண் எச்சரிக்கையாகத் தோன்ற வாய்ப்பில்லை.

இன்னொரு சின்னக் கட்டமும் அங்கே இருந்தது: `Send mail for this update`. வழக்கமாக அதில் டிக் போட்டேதான் வரும். பையன் அதைத் தொடவில்லை.

மணி ஆறரை. அப்போது நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது. அமெரிக்கக் குழு காபியோடு வந்து உட்கார்ந்து போர்டைத் திறந்தால், நேற்று பாதியில் விட்ட வேலைகளெல்லாம் 'முடிந்தது' வரிசையில் நிற்கின்றன. கூடவே டிக்கெட்டைப் பதிந்தவர், பொறுப்பாளர், பின்தொடர்பவர் என்று எல்லோருடைய பெட்டியிலும் மின்னஞ்சல் கொட்டுகிறது. நம் ஊர் வெள்ளி மாலை இன்னொரு ஊரின் வேலைநாள் தொடக்கம் என்பதுதான் இதில் கொடுமை. இங்கே கேட்க ஆளில்லை, அங்கே எல்லோரும் இருக்கிறார்கள்.

பையன் செய்த முதல் நல்ல காரியம் இங்கேதான். டீம் லீடுக்கு போன் போட்டான். "அண்ணா, தப்பு நடந்துபோச்சு. எல்லா புராஜெக்ட்லயும் க்ளோஸ் ஆயிருச்சு."

"நீ இனி ஒண்ணும் தொடாத. நான் வர்றேன்."

தொடாதே என்று அவர் சொன்னதில் அனுபவம் இருக்கிறது. ஜிராவின் மொத்த மாற்றத்துக்கு 'செய்ததை ரத்து செய்' என்ற பொத்தான் கிடையாது. பதறிப்போய் 412-ஐயும் திரும்ப `To Do`-வுக்குத் தள்ளினால் இரண்டாவது விபத்து நடக்கும். எது நடந்துகொண்டிருந்தது, எது சரிபார்ப்பில் இருந்தது என்ற வித்தியாசம் போர்டில் அழிந்துவிடும். திறப்பது எளிது, எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே கொண்டுபோய் வைப்பதுதான் வேலை.

பழைய வினவலையே மறுபடி ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஓட்டினால் இந்த 412-இல் ஒன்றுகூட வராது. நிலை மாறிவிட்டது, 'கடைசியாகத் தொட்ட நேரம்' எல்லாவற்றுக்கும் இன்று மாலை ஆகிவிட்டது. ஆறு மாதத் தூக்கத்தில் இருந்தவற்றையும் மதியம் தொட்டவற்றையும் பிரித்துக் காட்டிய அடையாளமே போய்விட்டது.

மிஞ்சியிருப்பது வரலாறு. ஒவ்வொரு டிக்கெட்டிலும் யார், எப்போது, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றினார் என்பதை ஜிரா எழுதி வைக்கிறது. அந்த ஏட்டையே தேடலாம். நாளும் நேரமும் நம் கதைக்கானவை:

```
status = "Done" AND status CHANGED FROM "In Review"
TO "Done" BY "trainee"
DURING ("2025/03/14 18:00", "2025/03/14 18:40")
```

அந்த நாற்பது நிமிடத்துக்குள், அந்தக் கணக்கிலிருந்து, சரிபார்ப்பிலிருந்து மூடப்பட்டவை மட்டும் வரும். முதலில் `status = "Done"` என்று இருப்பதற்கும் காரணம் உண்டு: இதற்குள் நியூயார்க்கில் யாராவது தங்கள் டிக்கெட்டைக் கையால் திறந்திருந்தால், அதை மறுபடி போட்டுக் குழப்பக் கூடாது. வந்தவை 143. மொத்தமாக `In Review`-வுக்கு அனுப்பினார்கள், இந்த முறை மின்னஞ்சல் டிக்கை எடுத்துவிட்டு. பிறகு `In Progress`-இலிருந்து போன 240. மீதி 29-உம் `To Do`-வில் இருந்தவை. அவற்றுக்கு வேலி சரியாக இருந்ததால் மூடியது மூடியபடியே இருக்கலாம். திறந்தவற்றில் ஒன்பது, நிஜமாகவே மூட வேண்டிய பழசுகள். அவற்றைத் திங்களன்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மூடும்போது ஜிரா `Resolution` என்ற கட்டத்தையும் நிரப்பிவிடும்படி பல கம்பெனிகள் அமைத்திருப்பார்கள். திறக்கும்போது அதைத் துடைக்கும் ஏற்பாடு இல்லையென்றால், நிலை திரும்பி வந்தாலும் டிக்கெட் எண்ணின் மேல் கோடு அடித்தபடியே இருக்கும். தீராதவை என்ற பட்டியலில் அது வராது. இதைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போனவர்களுக்குத் திங்களன்று இரண்டாம் பாகம் காத்திருக்கும். குழுவின் வாராந்தர வரைபடத்திலும் அந்த மாலை ஒரு பள்ளமாகவும் உடனே ஒரு மேடாகவும் பதிந்திருக்கும். அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெற வழியே இல்லை. ஒரு மன்னிப்பு மடலைத்தான் கூடுதலாக அனுப்பலாம்.

இதெல்லாம் கற்றுக்குட்டிகள் செய்வது என்று நினைப்பவர்களுக்கு ஜிராவைச் செய்த அட்லாசியனின் கதையே இருக்கிறது. 2022 ஏப்ரல் 5. தேவையில்லாமல் போன ஒரு பழைய துணைச்செயலியை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க முடிவாயிற்று. நீக்க வேண்டிய செயலிகளின் அடையாள எண்களைக் கொடுக்க வேண்டிய குழு, முழுத் தளங்களின் எண்களைக் கொடுத்துவிட்டது. நிரலை இன்னொருவர் சரிபார்த்திருந்தார். அவர் பார்த்தது நிரலை, எண்களை அல்ல. கருவி இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும், எதை அழிக்கிறோம் என்று எச்சரிக்காது. அரை மணிக்கும் குறைவான நேரத்தில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் அழிந்தன.

பையன் செய்ததும் இதேதான். செய்த செயல் சரி, பட்டியல் தப்பு. அங்கும் காப்புப் பிரதி இல்லாமல் இல்லை. ஆனால் அது ஒரு தளத்தையோ, எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகவோ மீட்பதற்குத் தோதாக இருந்தது. ஒரே இடத்தில் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் சில நூறு தளங்களை மட்டும் பொறுக்கி எடுத்து மீட்கத் தானியங்கி ஏற்பாடு இல்லை. சிலருக்கு முழுதாகத் திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. அதன் பிறகு அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் சொன்ன முதல் பாடம், அழிப்பது எதுவானாலும் முதலில் மறைத்து வைத்து, கொஞ்ச காலம் கழித்தே நிஜமாக அழிக்க வேண்டும் என்பது.

அவர்களின் அறிக்கை எந்த ஊழியரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 2021 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு வெற்றுச் சோதனை மின்னஞ்சல் வாடிக்கையாளர்களுக்குப் பறந்தபோது, ஆமாம், அது இன்டர்ன் செய்ததுதான் என்று நிறுவனம் ட்விட்டரில் வேடிக்கையாகச் சொன்னது. ஜனங்கள் திட்டவில்லை. 'அன்புள்ள இன்டர்ன்' என்று தொடங்கித் தாங்கள் வேலையில் செய்த சொதப்பல்களை எழுதி அவரைத் தேற்றினார்கள்.

நம் கதையில் பையனைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடைப்புக்குறி எங்கே? டீம் லீடைக் கேட்க வேண்டியவை அதைவிட அதிகம். மூன்று வாரம் முன்பு சேர்ந்தவனுக்கு எல்லாப் புராஜெக்டிலும் டிக்கெட்டை மூடும் அனுமதி ஏன்? ஜிராவில் `Make bulk changes` என்று தனி அனுமதியே இருக்கிறது. பல இடங்களில் அது எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. நிர்வாகி நினைத்தால் ஒரு சின்னக் குழுவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு டிக்கெட் வரும் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் 412-ஐப் பார்த்ததும் பையன் கையை எடுத்திருப்பான். அவன் எழுதியிருக்க வேண்டியதும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை:

```
project = SHOP AND updated <= -180d AND
status IN ("To Do", "In Progress", "In Review")
```

உங்கள் அலுவலகத்தில் ஜிரா இருந்தால், இந்த வாரமே நிர்வாகியிடம் அந்த அனுமதிப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கேட்பது நல்லது.